முக்கோணக் கம்பிச் சட்டமும் முக்கோணத் தகடும்: நிறை மையம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று முனைகளின் ஆயத்தொலைவுகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் முக்கோணத்தின் நடுக்கோட்டு மையம் வந்துவிடும். சீரான அட்டையிலோ தகரத்திலோ வெட்டிய தகட்டுக்கு நிறை மையமும் அதே புள்ளிதான். அதே அளவுக்குக் கம்பியை வளைத்துச் செய்த வெறும் சட்டத்துக்கும் இதே சூத்திரத்தைப் போட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

தகட்டில் ஏன் அது சரி? அடிப்பக்கத்துக்கு இணையாகத் தகட்டை மெல்லிய பட்டைகளாக நறுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையின் நடுவும் நடுக்கோட்டின் மேல் விழுகிறது. அதனால் மொத்தத் தகட்டின் நிறை மையமும் அந்தக் கோட்டில்தான் இருந்தாக வேண்டும். சட்டத்தில் நறுக்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. நடுக்கோட்டின் ஒரு பக்கம் நீளமான கம்பி, மறுபக்கம் குட்டையான கம்பி. எடையும் அப்படியே ஏறி இறங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 120 செ.மீ. சீரான கம்பியில் 30, 40, 50 செ.மீ. பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம். முனைகள் O(0, 0), P(40, 0), Q(0, 30). இதே அளவுள்ள தகடு என்றால் மையம் (13.33, 10).

சட்டத்துக்கு ஒவ்வொரு பக்கத்தின் எடையும் அதன் நடுப்புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ள வேண்டும். OP-யின் நடு (20, 0), நீளம் 40. OQ-வின் நடு (0, 15), நீளம் 30. PQ-வின் நடு (20, 15), நீளம் 50. நீளத்தால் பெருக்கிக் கூட்டி 120-ஆல் வகுக்கிறோம்:

```
x = (40×20 + 30×0 + 50×20) / 120 = 15
y = (40×0 + 30×15 + 50×15) / 120 = 10
```

சட்டத்தின் மையம் (15, 10). தகட்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 1.67 செ.மீ. தள்ளி நிற்கிறது.

நடுப்புள்ளிகள் வரை சரியாக வந்துவிட்டு, நீளத்தால் பெருக்காமல் மூன்றையும் வெறுமனே சராசரி எடுப்பது அடுத்த தவறு. அப்படிச் செய்தால் மறுபடியும் (13.33, 10)தான் வரும். "இரண்டு வழியிலும் ஒரே விடை, அப்போ சரிதான்" என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடும். மூன்று பக்கங்களும் ஒரே எடையுள்ள தனித்தனிக் கம்பிகளாக இருந்தால் மட்டும் அந்தச் சராசரி பொருந்தும். ஆகவே கேள்வியில் 'சீரான கம்பி' என்று இருக்கிறதா, 'சம நிறையுள்ள மூன்று கம்பிகள்' என்று இருக்கிறதா என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. y இரண்டிலும் 10-ஆகவே வருகிறது. 40 என்பது 30, 50 இரண்டின் சராசரியாக அமைந்ததால் வந்த ஒற்றுமை அது. ஒரு அச்சில் மட்டும் சரிபார்த்தால் சட்டமும் தகடும் ஒன்றே என்று தோன்றிவிடும். உண்மையில் இரண்டு மையங்களும் ஒன்றாவது சமபக்க முக்கோணத்தில் மட்டுமே. இருசமபக்க முக்கோணத்தில் இரண்டும் சமச்சீர்க் கோட்டின் மேல் இருந்தாலும், உயரம் வேறுபடும்.

சட்டத்தின் மையம் ஓர் உள்வட்ட மையம் என்று கேள்விப்பட்டவர்கள், கொடுத்த முக்கோணத்தின் உள்வட்ட மையத்தையே எழுதிவிடுவதும் உண்டு. நமது முக்கோணத்தில் அது (10, 10). வேண்டியது அதுவல்ல. மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் உள்ளே ஒரு சின்ன முக்கோணம் கிடைக்குமே, அதன் உள்வட்ட மையம்தான் சட்டத்தின் மையம். ஸ்பீக்கர் மையம் என்பது அதன் பெயர். பெரிய முக்கோணத்தின் உள்வட்ட மையம், தகட்டின் மையம், சட்டத்தின் மையம் மூன்றும் எப்போதும் ஒரே கோட்டில் வரும். முதல் இடைவெளி இரண்டாவதைப் போல இரு மடங்கு. இங்கே 3.33, 1.67. விடையைச் சரிபார்க்க இது அருமையான வழி.

கையால் செய்து பார்க்க நினைத்தால் சட்டத்தை Q முனையில் தொங்கவிட்டு, அங்கிருந்தே ஒரு தூக்குநூலையும் விடுங்கள். தகடாக இருந்தால் நூல் OP-யை நடுவில், அதாவது O-விலிருந்து 20 செ.மீ.யில் கடக்கும். சட்டத்தில் 22.5 செ.மீ.யில் கடக்கும்; கண்ணுக்கே தெரியும் வித்தியாசம். P முனையில் தொங்கவிட்டால் விலகல் 1 செ.மீ.தான் என்பதால் சோதனைக்கு Q-வே நல்லது. கம்பியின் இரு நுனிகளையும் ஒரு முனையில் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கட்டினால் அந்த மூலையின் எடை கூடிவிடும். O முனையில் 2 செ.மீ. கம்பி கூடுதலாகச் சேர்ந்தாலே மையம் 15-லிருந்து 14.75 அளவுக்கு நகர்ந்துவிடும். அதனால் நுனிகளை முட்டவைத்து மெல்லிய டேப்பால் ஒட்டுவது நல்லது.