ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதத்தில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

அடுக்ககச் சங்கம் காவல் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை முடிக்கிறதென்றால், முதலில் அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் சங்கத்தின் துணை விதிகளையும் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று அங்கே இருந்தால், செயலாளர் மட்டும் போட்ட கடிதத்தை எதிர்த்தரப்பு "இது செல்லாது" என்று ஒதுக்கிவிட இடமுண்டு, அறிவிப்புக் காலம் ஓடத் தொடங்கியதா என்பதே தகராறாகிவிடும்.

கடிதத்தின் தொடக்கத்திலேயே, எந்தத் தேதியில் நடந்த குழுக் கூட்டத்தின் தீர்மானப்படி முடிக்கிறோம் என்று எழுதிவிடுங்கள். "நான்" வேண்டாம், "நாங்கள்" என்றே போகட்டும். முடிவில் "சங்கத்திற்காக" என்று போட்டு, ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே பெயர், பதவி, தேதி. ஒருவர் வெளியூரில் இருக்கிறாரா? சரி, அவருக்காக இன்னொருவர் போடுவதானால் எழுத்து மூலமான அதிகாரக் கடிதத்தையும் இணைத்து அனுப்புங்கள்.