திரும்பி வந்த விலைப்பட்டியல்: சான்றை எப்படி வைத்திருப்பது?

நுவரெலியாவிலிருந்து கொழும்பு ஹோட்டலொன்றுக்கு மரக்கறி அனுப்புபவரின் விலைப்பட்டியல் மின்னஞ்சல் திரும்பி வந்தால், அந்த அறிவித்தலை அழிக்காமல் முதலில் அதிலுள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 5.1.1 என்றிருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை. கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, எழுத்தெழுத்தாகக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 5.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது. அதே பிரிவில் வேறொருவருக்கு அனுப்புங்கள். மறுபடி அனுப்பும்போது இலக்கத்தையும் திகதியையும் மாற்றாமல் முதல் மடலையே அனுப்புவது முக்கியம்.

மடல் திரும்பி வராதது மட்டும் அதை அவர்கள் வாசித்ததற்குச் சான்றாகாது; அது ஸ்பாம் பெட்டியிலும் கிடக்கலாம். ஆகவே இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அழைத்துப் பேசி, விலைப்பட்டியல் இலக்கத்தைக் குறிப்பிட்டு ‘கிடைத்தது’ என்ற ஒருவரிப் பதிலைக் கேட்டு வாங்கி, அதனையும் திரும்பி வந்த அறிவித்தலையும், மடலை முழுமையாக வைத்திருக்கும் .eml கோப்புகளாகவே சேமியுங்கள், ஏனெனில் வெறும் ஸ்கிரீன்ஷாட்டில் மடல் கடந்து வந்த வழியின் பதிவுகள் இருக்காது.