டிவி, கேமிங் கன்சோல், ரௌட்டர்: கரண்ட் பில் கணக்கில் எல்லோரும் தவறுகிற இடங்கள்

டிவியின் சிவப்பு லைட்டை எதிரியாக நினைத்து ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பவர்கள் நிறைய வீடுகளில் உண்டு. அதே வீட்டில் டிவி நாள் முழுக்க Vivid மோடில் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். பணம் போவது அங்கேதான், சிவப்பு லைட்டில் இல்லை.

முதல் தவறு, பின்பக்கம் ஒட்டியிருக்கும் வாட்டை அப்படியே எடுத்துப் பெருக்குவது. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் 350 வாட் என்று போட்டிருக்கும். அது அந்தப் பெட்டி அதிகபட்சமாக இழுக்கக்கூடிய அளவு, தினசரி செலவு இல்லை. கனமான கேம் ஆடும்போது 200 வாட்டை ஒட்டி இருக்கும், ஓடிடி பார்த்தால் 50, 60 வாட், ரெஸ்ட் மோடில் ஒன்றிரண்டு வாட். ரௌட்டரும் இப்படித்தான்: அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்ப் என்று இருந்தால் 12 வாட் என்று எழுதிக்கொள்கிறோம், உண்மையில் பெரும்பாலும் 6 முதல் 9 வாட்தான் ஓடும்.

கணக்கு சுலபம். வாட்டை ஒரு நாளில் ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, 30-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் மாத யூனிட். ஆனால் ஒரு கருவிக்கு ஒரே வாட் என்று வைக்காமல், அது என்ன செய்கிறதோ அந்தந்த நிலைக்குத் தனித்தனியாகப் போட வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 55 இன்ச் எல்இடி டிவி, பிஎஸ்5, ஃபைபர் ரௌட்டர். தினமும் 2 மணி நேரம் கேம், 3 மணி நேரம் பிஎஸ்5 வழியாகவே சினிமா, சீரியல். கேமுக்கு 200 வாட் வைத்தால் மாதம் 12 யூனிட். படம் பார்க்க 60 வாட் வைத்தால் 5.4. மீதி 19 மணி நேரம் ரெஸ்ட் மோடில், கன்ட்ரோலர் சார்ஜுக்காக யூஎஸ்பியில் பவர் எப்போதும் ஆனில் இருந்தால் 4 வாட் என்று வையுங்கள், 2.3 யூனிட். டிவி Vivid மோடில் 140 வாட், 5 மணி நேரம், 21 யூனிட். ரௌட்டர் 8 வாட், 24 மணி நேரமும், 5.8 யூனிட். மொத்தம் மாதம் 46 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, தமிழ்நாட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் பில்லில் சுமார் 93 யூனிட். டிவி தனியாகவே கிட்டத்தட்ட பாதியைத் தின்கிறது என்பதைக் கவனியுங்கள், எல்லோரும் சந்தேகப்படுவது கன்சோலை.

இதில் எதைக் குறைக்கலாம்? டிவியில் Vivid அல்லது Dynamic-ஐ விட்டு Standard-க்கோ Cinema-வுக்கோ மாறி, பேக்லைட்டையும் இறக்கினால் 140 வாட் 85 வரை வரலாம். மாதம் 8 யூனிட் மிச்சம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: சில டிவி மெனுக்களில் Brightness என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதை மாற்றுவது, அதைக் குறைத்தால் படம் இருண்டு போகுமே தவிர கரண்ட் குறையாது. Backlight என்று தனியாக இருந்தால் அதைத்தான் தொட வேண்டும். சோனி டிவிக்களிலோ Brightness-தான் பேக்லைட், கறுப்புக்கு Black level என்று வேறு இருக்கும். இறக்கியபின் வெள்ளைப் பின்னணி மங்கினால் சரியானதைத்தான் தொட்டிருக்கிறீர்கள். எச்டிஆர் படம் ஓடும்போது பல டிவிக்கள் பேக்லைட்டைத் தாமாகவே மேலே ஏற்றிவிடும், ஆகவே எச்டிஆர் ஓடும்போது மெனுவைத் திறந்து அதற்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, டிவியிலேயே ஆப் இருக்கும்போது கன்சோலில் படம் பார்ப்பது. ஸ்மார்ட் டிவியின் சொந்த ஆப்பில் பார்த்தால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை, டிவிக்கு வேகம் போதவில்லை என்றால் டிவியில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சில வாட்தான் எடுக்கும். மாதம் 5 யூனிட் இங்கே மிச்சமாகும், ஒரு செட்டிங்கூட மாற்றாமல்.

கேமை பாஸ் செய்துவிட்டு சாப்பிடப் போவது இன்னொன்று. பாஸ் போட்டால் கன்சோல் ஓய்வெடுக்காது, பின்னால் காட்சியை வரைந்துகொண்டேதான் இருக்கும், பல கேம்களில் ஆடும்போது எடுக்கிற அளவிலிருந்து பெரிதாகக் குறைவதில்லை. பிஎஸ்5-ல் Settings, System, Power Saving உள்ளே போய் Set Time Until PS5 Enters Rest Mode-ல் கேமுக்கும் படத்துக்கும் தனித்தனி நேரம் வைக்கலாம். அதே இடத்தில் Features Available in Rest Mode-ல் Supply Power to USB Ports-ஐ 3 Hours அல்லது Off ஆக்கினால், இணையத் தொடர்பும் வேண்டாம் என்றால் அதையும் அணைத்தால், அந்த 2.3 யூனிட்டில் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். இணையத்தை அணைத்தால் ராத்திரி அப்டேட் இறங்காது, அவ்வளவுதான். ஆனால் ரெஸ்ட் மோடில் ஆரஞ்சு லைட் எரியும்போது சுவரில் சுவிட்சை அணைக்காதீர்கள், பாதியில் நிறுத்திய கேம் போய்விடும், அடுத்த முறை சரியாக அணைக்கவில்லை என்று அதுவே புலம்பும்.

எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் அல்லது எஸ் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டாண்ட்பை உண்மையிலேயே முக்கியம். அதில் Sleep மோட் 10 முதல் 15 வாட் எடுக்கும், Shutdown மோட் அரை வாட். 19 மணி நேரம் வைத்தால் மாதம் 5 யூனிட்டிலிருந்து 8 யூனிட் வரை வித்தியாசம், சீரீஸ் எக்ஸில் கேம் ஆடுகிற செலவில் பாதி! Shutdown-லும் அப்டேட் இறங்கும், மொபைலிலிருந்து எழுப்ப முடியாது, ஆன் ஆக சில நொடி கூடும்.

ரௌட்டரை ராத்திரி 7 மணி நேரம் அணைத்தால் மாதம் 1.7 யூனிட்தான். சிசிடிவி, ஃபைபர் லேண்ட்லைன் எதுவும் அதில் இல்லை என்றால் அணையுங்கள், இருந்தால் விடுங்கள், அந்தப் பத்துப் பதினைந்து ரூபாய்க்கு அது வேண்டாம்.

நிஜ வாட்டைத் தெரிந்துகொள்ள பிளக்கில் செருகும் மீட்டர் வாங்கலாம். இல்லை என்றால் வீட்டு மீட்டரே போதும்: முகப்பில் 3200 imp/kWh என்பதுபோல ஒன்று எழுதியிருக்கும், ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும், ஒரு யூனிட்டுக்கு 3200 முறை என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட மற்றதெல்லாம் அணைத்துவிட்டு, டிவியையும் கன்சோலையும் மட்டும் ஓடவிட்டு 10 நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 160 முறை மினுக்கினால் 50 வாட்-மணி, அதாவது 300 வாட். ரௌட்டருக்கு இந்த வழி ஒத்துவராது, மணிக்கு 25 தடவை மினுக்குவதை உட்கார்ந்து எண்ண யாருக்குப் பொறுமை?

கடைசியாகப் பணக் கணக்கு. பில் தொகையை யூனிட்டால் வகுத்து சராசரி விலை போடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். மேலே சொன்ன வீட்டில் மற்றதெல்லாம் சேர்ந்து 430 யூனிட் என்றால் பில்லில் 523 வரும். சராசரி நாலேகால் ரூபாய் சொச்சம், ஆகவே மேலே சொன்ன மாற்றங்களில் மாதம் 15 வீதம் பில்லில் 30 யூனிட் மிச்சம் பிடித்தால் 130 ரூபாய்தான் என்று தோன்றும். ஆனால் குறைகிற யூனிட் அடியிலிருந்து போவதில்லை, உச்சியிலிருந்து போகிறது. 2024 ஜூலை கட்டணப்படி 500-க்கு மேல் யூனிட்டுக்கு 8.55, அதற்குக் கீழே 400 வரை 6.45. ஆக 23 யூனிட்டுக்கு 197, மீதி 7-க்கு 45, மொத்தம் 242. அதற்கும் மேல், அதே கட்டணப்படி 500-ஐத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் மலிவு விலையில் கிடைக்கிறது, தாண்டினால் அந்தச் சலுகை போய்விடுகிறது, அது மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல். ஆக 523-ஐ 493 ஆக்கிய அந்த டிவி, கன்சோல் மாற்றங்கள் ஒரு பில்லில் 440 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம் பிடிக்கும். அதே வீடு 350 யூனிட்டில் இருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது, ஆகவே உங்கள் கடைசி மூன்று பில்லில் எந்த அடுக்கில் நிற்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள், கட்டணம் மாறியிருந்தால் அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.