பாக்கித் தகராறை ஒரே தொகையில் முடிக்கும் கடிதம்: பிறகு யாரும் கிளறாதபடி எழுதுவது எப்படி

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வீட்டு வேலை என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டர் 2,10,000 ரூபாய் பாக்கி கேட்கிறார்; சன்ஷேடும் படிக்கட்டும் பேசியதற்கு மேல் செய்த வேலை என்கிறார். வீட்டுக்காரரோ மொட்டைமாடி ஒழுகுகிறது, அதற்கு நான்தான் செலவு செய்ய வேண்டும் என்கிறார். 1,40,000 கொடுத்து முடிக்க அவர் தயார்.

முதலில் கடிதத்தின் தலையில் “சமரசத்துக்காக மட்டும், உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று எழுதுங்கள். உள்ளே “நான் தர வேண்டிய பாக்கி” என்ற சொல்லே வரக் கூடாது. “தகராறை முடிக்க 1,40,000 தரத் தயார்” என்றே எழுதுங்கள். கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், வழக்குப் போடும் காலவரம்பு முடியாத கடனுக்கு அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 ஆண்டு கணக்கு தொடங்கிவிடும்.

அடுத்து, எந்த விஷயம் முடிகிறது என்பது. வீட்டின் முகவரி, ஒப்பந்தத் தேதி, பில்கள் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். “கணக்கு முடிந்தது” என்று ரசீதில் மட்டும் எழுதி வாங்கினால், வட்டிக்கும் கூடுதல் வேலைக்கும் தனி பில் பிறகு வரும்.

இனி உயிரான வாசகம்:

“மேற்கண்ட வேலை தொடர்பான அசல், வட்டி, கூடுதல் வேலை, நஷ்டஈடு, வழக்குச் செலவு ஆகிய அனைத்துக்கும் முழுமையான இறுதித் தீர்வாக ரூ.1,40,000 வங்கி வழியே வந்து சேர்ந்ததும், இந்த வேலை குறித்து இன்று தெரிந்ததும் தெரியாததுமான எந்தக் கோரிக்கையையும் இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் எழுப்புவதில்லை.”

“இரு தரப்பும்” என்பதைக் கவனியுங்கள். கான்ட்ராக்டர் மட்டும் கைவிட்டால், வீட்டுக்காரர் ஒழுகலுக்கு நஷ்டஈடு கேட்டு விஷயத்தைத் திறக்கலாம். வீட்டுக்காரர் பக்கம் இன்னொன்று: “தெரியாததும்” என்றால், பின்னால் தூணில் விரிசல் வந்தாலும் கேட்க முடியாமல் போகலாம். அதை விட மனமில்லையா? “அஸ்திவாரம், தூண் குறைகள் நீங்கலாக” என்று சேர்த்துவிடுங்கள். குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி செல்லும். ஆனால் மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து நிற்காது.

அப்புறம் கெடு. “15 நாளுக்குள் எழுத்தில் ஏற்காவிட்டால் இந்த முன்மொழிவு ரத்து” என்று போடுங்கள். ஈடாகக் கொடுத்த செக், புரோநோட்டு இருந்தால் நம்பரோடு எழுதி, பணம் சேர்ந்த அன்றே திருப்பித் தர வேண்டும் என்று சேருங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

ஏற்றுக்கொண்டதும் இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். கான்ட்ராக்டர் கூட்டு நிறுவனம் என்றால், கையெழுத்திடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று பாருங்கள். குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ வழக்கு ஏற்கெனவே நடந்தால், தனிக் கடிதம் போதாது. சமரச மனுவாகக் கொடுத்து அதன்படி தீர்ப்பு வாங்குங்கள், அல்லது லோக் அதாலத்தில் முடியுங்கள். லோக் அதாலத் உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது.