அம்மாவின் கையெழுத்துக்கு வங்கி வீட்டுக்கு வந்த கதை

அம்மா படுக்கையோடு இருக்கிறார், வலது கை நடுக்கம். வைப்புநிதிப் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்து பழைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது.

"அம்மாவால் வர முடியாது, யாராவது வீட்டுக்கு வாருங்கள்" என்று என் மின்னஞ்சலிலிருந்து எழுதினேன். கணக்கு உங்களுடையது இல்லையே என்று பதில். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னதும் சரிதான்.

அடுத்த கடிதத்தை அம்மா எழுதுவதுபோலவே கிளை மேலாளருக்கு எழுதி, அம்மாவின் கைநாட்டோடு கொடுத்தேன். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எந்தப் படிவம், எத்தனை இடத்தில் கையெழுத்து, எல்லாம் அதில் இருந்தது. மாதிரிக் கையெழுத்தையும் புதுப்பிக்க வேண்டும் என்று சேர்த்தேன். இல்லாவிட்டால் அடுத்த படிவமும் திரும்பும். மருத்துவர் சான்றில் நடக்க முடியாது என்பதோடு நினைவு தெளிவாக இருக்கிறது என்ற வரியும் இருக்கும்படி கேட்டு வாங்கினேன். அந்த வரிதான் முக்கியம். மாத்திரை போட்டால் மதியம் தூங்கிவிடுவார், அதனால் காலை 10 முதல் 12 என்று நேரமும் குறித்தேன்.

வந்த அதிகாரி என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, எதற்கான படிவம் என்று அம்மாவிடமே கேட்டார். கையெழுத்து கோணலாகத்தான் வந்தது. பெருவிரல் ரேகையும் எடுத்தார். சாட்சிக்கு நான் கூடாதாம், வாரிசாக என் பெயர் இருக்கிறதே! பக்கத்து வீட்டு அக்கா வந்து போட்டார்.