கர்ப்பச்செல் நீக்கி இருப்பு: முதல் தசையின் மீதியைக் கணக்கிட்டுத் திருமண காலம் பார்க்கும் முறை

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் ஜாதக நோட்டை எடுத்துப் பிரித்தால், மூலைகளில் மஞ்சள் தடவிய தாளில், ராசிக் கட்டத்துக்கும் நவாம்சக் கட்டத்துக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: "கர்ப்பச்செல் நீக்கி சனி மகா திசை இருப்பு வருடம் 9, மாதம் 10, நாள் 17." பெண் பார்க்கப் போகிறவர்கள் நட்சத்திரத்தையும் செவ்வாயையும் பார்த்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் ஜாதகருக்கு எந்த வயதில் எந்தக் கிரகத்தின் தசை, அந்தத் தசையின் உட்பிரிவான எந்தப் புத்தி நடக்கும் என்பது முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது. இது பிழையானால், பின்னால் வரும் எல்லாத் தேதிகளும் அதே அளவுக்குப் பிழையாகும்.

மேலே சொன்ன வரி எங்கள் உறவில் அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தியின் ஜாதகத்துக்குரியது. ஐப்பசி மாதம், தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், மாலை 4.40 மணிக்குப் பிறந்தவள். மீன லக்னம், விருச்சிக ராசி, அனுஷ நட்சத்திரம். பிறந்த ஆண்டை இங்கே எழுதவில்லை. கணக்குக்கு வயதே போதும்.

முதல் படி: சந்திரன் நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறான்?

ஒரு நட்சத்திரத்தின் அளவு 13 பாகை 20 கலை. 60 கலை ஒரு பாகை என்பதால், மொத்தம் 800 கலை. பிறந்த நொடியில் சந்திரன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறானோ, அதன் அதிபதியின் தசையே முதல் தசை. அனுஷத்துக்கு அதிபதி சனி. சனி தசை 19 வருடம். குழந்தை பிறப்பதற்கு முன்பே சந்திரன் கடந்துவிட்ட பகுதிக்கு உரிய காலம் கர்ப்பத்திலேயே செலவாகிவிட்டது என்று கொள்வது மரபு. கர்ப்பச்செல் என்று சொல்வது அதைத்தான்.

இந்தப் பெண்ணுக்குச் சந்திரன் விருச்சிகத்தில் 9 பாகை 44 கலையில் நிற்கிறான். அனுஷம் தொடங்குவது விருச்சிகம் 3 பாகை 20 கலையில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 6 பாகை 24 கலை, அதாவது 384 கலை. இது சென்றது. 800-இல் 384 போக 416 கலை இருப்பு.

இரண்டாம் படி: இருப்பை வருடமாக்குதல்

```
இருப்பு = (416 ÷ 800) × 19 = 9.88 வருடம்
0.88 × 12 = 10.56 மாதம்
0.56 × 30 = 16.8 நாள்
```

நாளை முழுமையாக்கினால் 9 வருடம் 10 மாதம் 17 நாள். பின்னத்தைப் பிரிக்கும்போது மட்டுமே மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்கிறோம். முழு வருடங்களைச் சூரிய வருடமாகவே எண்ண வேண்டும். சில மென்பொருள்களில் வருடத்துக்கு 360 நாள் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது தெரியாமல் தேர்வாகியிருந்தால், இருபத்தேழு வயதில் வரும் தசை மாற்றம் ஏறத்தாழ நான்கே முக்கால் மாதம் முன்னால் வந்து நிற்கும்.

பாகை தெரியாதவர்கள் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். அன்று அனுஷம் அதிகாலை 4.40-க்குத் தொடங்கி மறுநாள் காலை 5.40-க்கு முடிந்தது. மொத்தம் 25 மணி நேரம். பழைய வழக்கில் சொன்னால் ஆதியந்த பரம நாழிகை அறுபத்திரண்டரை. மாலை 4.40-க்குப் பிறந்ததால் சென்றது 12 மணி, இருப்பு 13 மணி. 13-ஐ 25-ஆல் வகுத்து 19-ஆல் பெருக்கினால் அதே 9.88 வருகிறது. ஒரு நட்சத்திரத்துக்குள் சந்திரனின் வேகம் பெரிதாக மாறுவதில்லை என்பதால் இரண்டு வழிகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும்.

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தவறுவது, இருப்பை எடுப்பதற்குப் பதிலாகச் சென்றதை எடுத்துப் பெருக்குவதில்தான். இந்த ஜாதகத்தில் அப்படிச் செய்தால் 9 வருடம் 1 மாதம் 13 நாள் வரும். பார்ப்பதற்குச் சரியான விடைபோலவே இருப்பதால் கண்ணில் படாது. பாதத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பாதம் 200 கலை. 384 கலை என்றால் இரண்டாம் பாதம். இரண்டாம் பாதத்தில் பிறந்தவருக்குத் தசையில் பாதிக்குக் குறையாமல், முக்காலுக்கு மேற்படாமல் இருப்பு இருந்தாக வேண்டும். சனி தசைக்கு அது 9 வருடம் 6 மாதத்திலிருந்து 14 வருடம் 3 மாதம் வரை. 9 வருடம் 1 மாதம் அந்த எல்லைக்குள் வரவில்லை, ஆகவே தவறு. கையில் கிடைக்கும் எந்த ஜாதகத்திலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள், அரை நிமிடம் போதும்.

மூன்றாம் படி: திருமண வயதில் எந்தப் புத்தி நடக்கிறது?

சனிக்கு அடுத்தது புதன் தசை, 17 வருடம். ஆகவே இந்தப் பெண்ணுக்குப் புதன் தசை 9 வயது 10 மாதம் 17 நாளில் தொடங்கி, 26 வயது 10 மாதம் 17 நாளில் முடிகிறது. புத்தியின் அளவுக்குத் தசை வருடத்தையும் புத்திநாதனின் தசை வருடத்தையும் பெருக்கி 120-ஆல் வகுக்க வேண்டும். புதன் தசையில் குரு புத்தி என்றால், 17 × 16 ÷ 120, அதாவது 2 வருடம் 3 மாதம் 6 நாள்.

மீன லக்னத்துக்கு ஏழாம் இடம் கன்னி. அதன் அதிபதி புதன். இவளுக்குப் புதன் ஒன்பதாம் இடமான விருச்சிகத்தில் சந்திரனோடு இருக்கிறான். லக்னாதிபதி குரு ஐந்தாம் இடமான கடகத்தில் உச்சமாக இருந்து, ஐந்தாம் பார்வையாகப் புதனையும் ஒன்பதாம் பார்வையாக லக்னத்தையும் பார்க்கிறான். உபய லக்னங்களுக்கு ஏழாம் அதிபதியே கெடுதல் செய்யக்கூடிய பாதகாதிபதியும் ஆவதால் புதன் தசை என்றவுடன் தயங்குகிற ஜோதிடர்கள் உண்டு. குருவின் பார்வை இருக்கும்போது நான் தயங்குவதில்லை.

திருமணத்தைக் குறிக்கும் களத்திரகாரகனான சுக்கிரனின் புத்தி இதே தசையில் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் 13 வயது 3 மாதத்திலிருந்து 16 வயது 1 மாதம் வரை, பள்ளிக்கூடத்துப் பருவத்தில். அது திருமணத்துக்குப் பயன்படாது. ராகு புத்தி 21 வயது 11 மாதம் வரை ஓடுகிறது. அதன்பின் குரு புத்தி, 21 வயது 11 மாதம் 2 நாளிலிருந்து 24 வயது 2 மாதம் 8 நாள் வரை. ஏழாம் அதிபதியின் தசையில், அவனைப் பார்க்கிற லக்னாதிபதியின் புத்தி என்பதால் மரபுப்படி இதுதான் முதல் திருமண காலம். இதைத் தவறவிட்டால் சனி புத்தி. அதற்கப்புறம் கேது தசைக்குள் 27 வயது 3 மாதத்தில் தொடங்கும் சுக்கிர புத்தியைப் பார்க்க வேண்டும்.

இதே மீன லக்னமும் இதே அமைப்பும் இருந்து, சந்திரன் மட்டும் அனுஷத்தின் தொடக்கத்தில், சனி தசை இருப்பு 18 வருடம் 9 மாதமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பருவத்தில் வீணாய்ப் போன சுக்கிர புத்தி 22 வயதுக்கு வந்துவிடும். குரு புத்தியோ 30 வயதைத் தாண்டிவிடும். ஒரே நட்சத்திரத்தில் பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு இருபத்திரண்டில் கூடிவருவதும் இன்னொருத்திக்குத் தள்ளிப்போவதும் ஏன் என்று கேட்பவர்களுக்கு, ஜோதிட முறைப்படி முதலில் காட்ட வேண்டிய இடம் இது. எந்தக் கிரகம் திருமணத்தைத் தரும் என்பதை லக்னமும் பாவங்களும் சொல்கின்றன. அந்தக் கிரகத்தின் முறை எந்த வயதில் வரும் என்பதைச் சந்திரன் நின்ற கலை சொல்கிறது. இரண்டேகால் வருடக் காலத்துக்குள் எந்த மாதம் என்று குறிக்க, அப்போது வானில் குரு நகரும் இடமான கோசார குருவையும், புத்தியின் உட்பிரிவான அந்தரத்தையும் பார்க்க வேண்டும். இருப்புக் கணக்கு அவ்வளவு நுட்பமாகச் சொல்லாது.

நேரம் பிசகினால் என்ன ஆகும்?

25 மணி நேர நட்சத்திரத்தில் பிறந்த நேரம் 10 நிமிடம் பிசகினால், சனி தசை இருப்பு ஏறத்தாழ 46 நாள் மாறும். சூரிய தசை என்றால் இரண்டு வாரம்தான். தசை நீளமாக நீளமாகப் பிழையும் பெரிதாகும். நம் பக்கத்துக் குடும்பங்களில் துபாயில், சார்ஜாவில் பிறந்த பிள்ளைகள் பலர் உண்டு. அங்கத்திய நேரத்தை நம் பஞ்சாங்கத்தில் அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால், அங்குள்ள கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், சனி தசை இருப்பு ஒரு வருடத்துக்கும் மேலாகக் கூடிவிடும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடுவதால், ஒன்றில் தொடக்கத்தையும் மற்றொன்றில் முடிவையும் எடுத்துக் கலக்கக் கூடாது.

நட்சத்திரச் சந்தியில் பிறந்த பிள்ளைக்கு, அனுஷமா கேட்டையா என்று வீட்டார் கலங்குவதைப் பார்க்கிறோம். பொருத்தம் பார்க்கையில் அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் தசை கணக்கில் அப்படி இல்லை. அனுஷத்தின் கடைசிக் கலை என்றால் சனி தசையில் சில நாளே மீதி, பிறகு முழுப் புதன் தசை. கேட்டையின் முதல் கலை என்றால் ஏறத்தாழ முழுப் புதன் தசை. பிற்காலத்துத் தேதிகள் சில நாள்களே நகரும்.

தசா சந்தி

சிறு பிழை உண்மையில் வினையாவது இங்கேதான். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தசை முடியும் தேதிகள் நெருங்கி வந்தால் அதைத் தசா சந்தி என்று விலக்குவார்கள். ஆறு மாத இடைவெளி போதும் என்பவர்களும் ஒரு வருடம் வேண்டும் என்பவர்களும் உண்டு. அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்கு நல்ல இடம் ஒன்று வந்தது. பையனின் ராகு தசை, இவள் புதன் தசை முடிவதற்கு 6 மாதம் 10 நாள் முன்னால் முடிகிறது. ஆறு மாதம் என்ற அளவில் பையன் வீட்டார் ஒப்புக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் பெண் வீட்டிலிருந்து போன ஜாதகத்தில் சனி தசை இருப்பு 9 வருடம் 9 மாதம் 1 நாள் என்று இருந்ததால், இடைவெளி ஐந்து மாதத்துக்கும் குறைவாகத் தெரிந்தது. சந்தி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு இருப்புக்கும் உள்ள வித்தியாசம் 46 நாள் என்பதைக் கண்டதும், பத்து நிமிடம் எங்கோ ஏறியிருக்கிறது என்று புரிந்தது. ஜாதகம் எழுதும்போது பிறந்த நேரம் 4.50 என்று சொன்னவர் பெண்ணின் அப்பா. அவர் வெளியே திண்ணையில் இருந்தவர். ஆச்சியிடம் கேட்டேன். "நான் உள்ள பிள்ளையக் கையில வாங்கி, தொடச்சு, சீலையில சுத்தினதுக்கு அப்பொறந்தான் அவனுக்குச் சொல்லிவிட்டாவ" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தது தகவல் வந்த நேரத்தில். பெட்டியின் அடியில் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் 4.40 என்றே எழுதியிருந்தது.

பழைய ஜாதகத்தை அடிக்காமல், தனித் தாளில் புதிதாகக் கணக்குப் போட்டு, இருப்பு வரியின் கீழே பிறந்த மணியையும் அது ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், பார்த்தது திருக்கணிதம் என்பதையும் எழுதி, அந்த வீட்டுக்கே மறுபடியும் கொடுத்தனுப்பினோம்.