நூறு நாள் ஓவிய சவால்: தினமும் ஒரு படம், வாரம் ஒரு தொகுப்பு

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாட்ஸப் குழுவில் நூறு நாள் ஓவிய சவாலை முடித்தோம். தினமும் ஒரு படம் வரைந்து, அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். வாரக் கடைசியில் எல்லாப் படங்களையும் தொகுத்து அனுப்புவது என் வேலை. வரைவதை விட இந்தத் தொகுப்புதான் என்னை அதிகம் திணறடித்தது. அதனால் அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

1. போட்டோ

பென்சில் ஓவியத்தை அப்படியே எடுத்தால் வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாக விழும். முழுக்க வெள்ளையாக இருப்பதைப் பார்த்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதுதான் காரணம். திரையில் தாளைத் தொட்டு, வெளிச்ச அளவைத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை மேலே தள்ளுங்கள். மெல்லிய கோடுகள் மறையத் தொடங்கினால் கொஞ்சம் இறக்குங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். தலைக்கு மேலே விளக்கு இருந்தால் உங்கள் கையின் நிழலும் போனின் நிழலும் படத்தில் விழும். ஸ்கேனர் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எழுத்துக்கு நல்லவை, ஆனால் பென்சிலின் மென்மையான நிழலை அழித்துவிடுகின்றன.

2. நாள் எண்

ஒவ்வொரு படத்தோடும் "நாள் 18" என்று எழுதியே போட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். முதலில் படம் வந்த தேதியை வைத்தே கணக்கு வைத்தேன். இரவு 12:20-க்கு ஒருவர் போட்ட 9-ஆம் நாள் படம், என் கணக்கில் 10-ஆம் நாளுக்குப் போய்விட்டது. மறுநாள் அவர் போட்டதும் அதே நாளில் விழ, 9 காலியாகத் தெரிந்தது. தினமும் தவறாமல் வரைந்தவரை "ஒரு நாள் விடுபட்டது" என்று எழுதிவிட்டேன். அவர் வருத்தப்பட்டது நியாயம்தான். அன்றிலிருந்து வரைந்தவர் எழுதும் எண்தான் கணக்கு.

3. வார எண்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அட்டவணையில் A பத்தியில் நாள் எண் இருக்கிறது, அது எந்த வாரம் என்று தெரிய வேண்டும். ஏழால் வகுத்து, முழு எண்ணை மட்டும் வைத்து, ஒன்றைக் கூட்டினேன்:

```
=INT(A2/7)+1
```

பார்க்கச் சரியாகவே இருந்தது. ஆனால் 7-ஆம் நாள் படம் இரண்டாம் வாரத்துக்கும், 14-ஆம் நாள் படம் மூன்றாம் வாரத்துக்கும் தாவின. முதல் வாரத்தில் ஆறு படங்கள்தான் நின்றன. ஏழின் மடங்குகளில் மீதி வராததால், கூட்டிய அந்த ஒன்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுகிறது. வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் போதும்:

```
=ROUNDUP(A2/7,0)
```

இப்போது 21 மூன்றாம் வாரம், 22 நான்காம் வாரம். சரிபார்க்க 7, 8 இரண்டையும் போட்டுப் பாருங்கள். 1, 2 என்று வர வேண்டும்.

4. தொகுப்புப் படம்

ஆளுக்கு ஒரு ஃபோல்டர். கோப்புப் பெயரில் நாள் எண்ணை மூன்று இலக்கத்தில் எழுதுங்கள்: `d003.jpg`, `d018.jpg`. `d3` என்று வைத்தால் பெயர் வரிசையில் `d18` அதற்கு முன்னால் வந்து நிற்கும்.

ஒட்டுவதற்கு எனக்குப் பிடித்தது இமேஜ்மேஜிக். கொலாஜ் செயலிகள் படத்தின் ஓரங்களை வெட்டிவிடுகின்றன, இது வெட்டாது. லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலில் மூன்றாம் வாரத்துக்கு:

```
montage d01[5-9].jpg d02[01].jpg d001.jpg \
  -tile 2x4 -geometry 500x500+10+10 w03.jpg
```

இரண்டு பத்தி, நான்கு வரிசை என்பதால் போன் திரையிலும் கோடுகள் தெரியும். எட்டு கட்டத்தில் ஏழு நாட்கள் போக ஒன்று மீதி. அதில் முதல் நாள் படத்தை வைப்பேன். ஒன்பதாம் வாரம் வாக்கில் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

விடுபட்ட நாளுக்கு வெறும் வெள்ளைப் படம் ஒன்றை அந்த எண்ணில் சேமியுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருபவை எல்லாம் ஒரு கட்டம் முன்னால் நகர்ந்துவிடும்.

5. வாரச் செய்தி

```
வாரம் 3 (நாள் 15–21)
வந்தவை: 31/35
அடுத்த தொகுப்பு: நாள் 28 முடிந்ததும்
```

இவ்வளவு போதும். யார் எத்தனை போட்டார்கள் என்ற பட்டியல் வேண்டாம். இரண்டு வாரம் அதை எழுதிப் பார்த்தேன். பின்தங்கியவர் எண்ணிக்கைக்காக ஒரே நாளில் நான்கு கிறுக்கல்களைப் போட்டார். எடுத்ததும் குழு பழைய நிலைக்கு வந்தது.

பின்சேர்க்கை: படித்த இருவர், தொகுப்பில் சில படங்கள் படுத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். போன் படத்தைத் திருப்பாமல் "இப்படித் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பை மட்டும் சேமிப்பதால் வருவது. ஒட்டும் முன் இதை ஓட்டுங்கள். இது கோப்புகளையே மாற்றும் என்பதால் நகல் ஃபோல்டரில் மட்டும்:

```
mogrify -auto-orient *.jpg
```

இன்னொருவர் கடைசி வாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். பதினான்கு வாரம் போனால் 99, 100 என இரண்டு நாள்தான் மிஞ்சும். அதற்கு `d001.jpg d099.jpg d100.jpg` மூன்றையும் `-tile 3x1` என்று ஒரே வரிசையில் வையுங்கள்.